105 புள்ளிகளில் ஒரு குழுவின் கணக்கு

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதமும் நீ இணைத்திருந்த மூன்று ஸ்லைடுகளும் கிடைத்தன. பி.காம். இறுதியாண்டு களப்பணிக்கு உன் அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கையே எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. அந்த வேலையை நேர்காணலில் காட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். காட்டலாம், ஆனால் இப்போது இருக்கும் வடிவில் வேண்டாம். "படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய் அல்லவா? தன் பணம் தெளிவாகத் தெரிந்தால் கேள்வி கேட்காமல் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

வட்டத்தைத் துண்டு போட்டு, கடனில் 70 சதவீதம், வங்கியில் 26 சதவீதம் என்று காட்டியிருக்கிறாய். குழுவில் யாரும் சதவீதத்தில் சேமிப்பதில்லை. மாதம் 200 ரூபாய் கட்டுகிறார்கள், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி கொடுக்கிறார்கள். பணம் 30,000 ஆக இருந்தாலும் 60,000 ஆக இருந்தாலும் அந்த வட்டம் ஒரே அளவாகத்தான் இருக்கும். ஆகவே "இரண்டு ஆண்டில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது?" என்ற முதல் கேள்விக்கே அதில் விடை இல்லை.

அதற்குப் பதிலாகப் புள்ளிகளை வைத்துக்கொள். வாசலில் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு "5 புள்ளி, 21 வரிசை" என்றால் விளக்கமே தேவையில்லை. ஒரு புள்ளி எத்தனை ரூபாய் என்று முடிவு செய்வதில்தான் கொஞ்சம் யோசனை வேண்டும். 500, 1,000 என்று நமக்கு வசதியான எண்ணை எடுக்காதே. அவர்கள் கைப்பட அறிந்த தொகையாக இருக்கட்டும். உங்கள் குழுவில் மாதச் சேமிப்பு 200 ரூபாய், எனவே ஒரு புள்ளிக்கு 600 ரூபாய், அதாவது ஒருவருடைய மூன்று மாதச் சேமிப்பு என்று வைக்கலாம். 24 மாதம் தவறாமல் கட்டிய ஒவ்வொருவருக்கும் 8 புள்ளி. 12 பேருக்கு 96 புள்ளி, 57,600 ரூபாய். "இதில் என்னுடையது எட்டு" என்று ஒவ்வொருவராலும் விரல் வைத்துச் சொல்ல முடியும்.

இனி ஒரு சார்ட் பேப்பரை நிமிர்த்தி வைத்து இரண்டு தூண்கள் வரை. இடது தூணின் தலைப்பு "பணம் எப்படி வந்தது". 96 சேமிப்புப் புள்ளிகளைக் கீழிருந்து அடுக்கு. உறுப்பினர்களுக்குக் கொடுத்த உள்கடன்களின் வட்டி 6,480 ரூபாயும் அபராதம் 120 ரூபாயும் சேர்ந்தால் 6,600, அதாவது 11 புள்ளி. நோட்டுப் புத்தகம், வங்கிக்குப் போய்வந்த பஸ் செலவு என்று 1,200 ரூபாய் போயிருக்கிறது. அந்த 2 புள்ளிகளைத் தூணுக்கு வெளியே வரைந்து குறுக்கே அடித்துக் காட்டு. செலவை மறைத்துக் கழித்துவிட்டால் அதையே ஒருவர் சந்தேகத்தோடு கேட்பார். மீதி 9 புள்ளி வேறு நிறத்தில் மேலே ஏறும். மொத்தம் 105 புள்ளி, 63,000 ரூபாய்.

வலது தூணின் தலைப்பு "பணம் இப்போது எங்கே இருக்கிறது". இதில் மூன்று நிறம் போதும்: உறுப்பினர்களிடம் கடனாக இருப்பது, வங்கிச் சேமிப்புக் கணக்கில் இருப்பது, கையிருப்பு. பக்கத்திலேயே ரூபாயையும் எழுது. உன் குழுவின் எண்கள் அழகாக 600-இல் வகுபடுகின்றன. வகுபடாத குழுவுக்குக் கடைசிப் புள்ளியைப் பாதியாக வரைந்து சரியான தொகையை எழுதிவிட வேண்டும். எந்த நாள் வரையிலான கணக்கு என்பதைத் தாளின் தலையில் எழுத மறக்காதே.

இரண்டு தூண்களும் ஒரே உயரம் இருக்க வேண்டும். இந்தப் படத்தின் உயிரே அதுதான், நீ தடுக்கிய இடமும் அதுதான். வங்கியில் 16,200 (27 புள்ளி), கையில் 1,800 (3 புள்ளி), கடன் நிலுவை 44,400 (74 புள்ளி) என்று போட்டால் 104தான் வருகிறது. குறைந்த 600 ரூபாயை "இதர வித்தியாசம்" என்று ஒரு மெல்லிய துண்டாக வட்டத்தில் ஒட்டிவிட்டாய். வேலைக்குப் போன பிறகு இப்படி ஒரு துண்டை ஒருபோதும் ஒட்டாதே. பன்னிரண்டு பெண்களின் பணத்தில் "இதர" என்று ஒன்று கிடையாது. அது யாரோ ஒருவருடைய மூன்று மாதச் சேமிப்புக்குச் சமம்.

நீ அனுப்பிய கடன் பேரேட்டுப் படங்களைப் பார்த்தேன். ஐந்தாவது கடனில் இருக்கிறது அந்த 600. கடன் 12,000 ரூபாய். மாதம் 2,000 அசல், மிச்சமுள்ள அசலுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி. மூன்று தவணைகளில் அவர் 2,240, 2,200, 2,160 என்று மொத்தம் 6,600 கட்டியிருக்கிறார். அதில் வட்டி 240, 200, 160, கூட்டினால் 600. ரொக்கப் புத்தகத்தில் அசலும் வட்டியும் சரியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன. பேரேட்டில் மட்டும் 6,600-ஐ முழுவதும் அசலில் கழித்து நிலுவை 5,400 என்று எழுதிவிட்டார்கள். உண்மையான நிலுவை 6,000. திருத்தினால் கடன் 45,000, 75 புள்ளி, தூண் நிமிர்ந்துவிடும்.

வலது தூண் குட்டையாக இருந்தால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் பணத்தை எண்ணு: கூட்டத்தில் வாங்கிய தவணை வங்கிக்குப் போகாமல் பிரதிநிதியின் வீட்டிலேயே இருக்கக்கூடும், அது கையிருப்பில் ஏறியிருக்காது. பிறகு வங்கிப் பாஸ் புத்தகத்தில் அன்றைய தேதி வரை பதிவு போட்டு வாங்கு. வங்கி பிடித்த கட்டணம் குழுவின் புத்தகத்தில் ஏறாமல் இருக்கும். அதன் பிறகுதான் பேரேடு. வித்தியாசம் ஏதாவது ஒரு கடனின் வட்டிக் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போனால், உன் குழுவில் நடந்ததே அங்கும் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். ரொக்கப் புத்தகத்திலும் பேரேட்டிலும் ஒரே தவறு நடந்திருந்தால் இரண்டு தூண்களும் சமமாகவே நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு உறுப்பினரின் தனிப் பாஸ் புத்தகத்தையும் வாங்கி, அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும் என்கிறேன்.

அந்த ஐந்தாவது கடன்காரரிடம் கூட்டத்துக்கு முன்பே, தனியாக, அம்மாவோடு போய்ப் பேசு. அவருடைய பாஸ் புத்தகத்திலும் 5,400 என்றுதான் இருக்கும். சபையில் திடீரென்று 6,000 என்றால் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். மூன்று தவணைகளையும் புளியங்கொட்டையை வைத்துப் பிரித்துக் காட்டு: இது அசல் குவியல், இது வட்டிக் குவியல். அவர் ஒத்துக்கொண்ட பிறகு குழுவை நடத்தும் ஊக்குநரே திருத்தி, கையெழுத்திட்டு, தீர்மானப் புத்தகத்திலும் எழுதட்டும். நீ பேனாவைத் தொடாதே. பதிவேடு குழுவினுடையது.

இரண்டாவது படம் தவணைப் பலகை. கடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, கடந்த ஆறு மாதத்துக்கு ஆறு வட்டம். முழுத் தவணையும் வந்தால் நிரப்பிய வட்டம், ஒரு பகுதி வந்தால் பாதி வட்டம், வராவிட்டால் வெறும் வட்டம். ஆஸ்பத்திரிச் செலவு போன்ற காரணத்துக்காகக் குழுவே தீர்மானம் போட்டு ஒத்திவைத்த தவணைக்கு ஒரு சிறு கோடு போதும், அதை வெறும் வட்டமாக வரைவது அநியாயம். வரியின் தொடக்கத்தில் பெயர் வேண்டாம், கடன் எண் போதும். யாருடையது எது என்பது குழுவுக்குள் எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் நீங்கள் கூடுவது ஒருவர் வீட்டுத் திண்ணையில். வீட்டு ஆண்கள் வந்து போவார்கள், யாராவது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். கணவருக்குத் தெரியாமல் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிய ஒரு பெண்ணின் பெயர் சுவரில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அதன் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. சிவப்பு நிறத்தையும் தவிர்த்துவிடு. கூட்டம் முடிந்ததும் தாளைச் சுருட்டிப் பதிவேடுகளோடு வைத்துவிட வேண்டும்.

கூட்டத்தில் படத்தை நேரடியாக விரிக்காதே. 105 புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி, "இதுதான் நம் பணம், இதில் எத்தனை நம் கைகளில் கடனாக இருக்கும்?" என்று கேள். ஆளுக்கு ஆள் வேறு வேறு குவியல் பிரிப்பார்கள். பிறகு தாளை விரி. தங்கள் ஊகத்தோடு ஒப்பிடும்போதுதான் கேள்விகள் வரும். "அந்த ஒன்பது புள்ளியில் என் பங்கு எவ்வளவு?" என்று ஒருவராவது நிச்சயம் கேட்பார். 5,400-ஐ 12-ஆல் வகுத்தால் 450 என்று வாய்வரை வரும். சொல்லாதே. பிரித்துக்கொள்வது என்று குழு தீர்மானிக்கும் வரை அது குழுவின் பொதுப்பணம் என்று மட்டும் சொல். உங்கள் குழு இன்னும் வங்கிக் கடன் வாங்கவில்லை. வாங்கினால் இடது தூணில் "வங்கிக்குத் தர வேண்டியது" என்று தனி நிறம் வரும். அதைச் சேமிப்போடு ஒரே நிறத்தில் அடுக்கினால் கடனும் தங்கள் பணம்தான் என்று நினைத்துவிடுவார்கள்.

இப்போது நேர்காணல். பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பின் கணக்கர் பணியானாலும் சரி, கிராமப்புறக் கடன் கொடுக்கும் நிறுவனமானாலும் சரி, பஞ்ச சூத்திரம் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்துப் போ: முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துதல், பதிவேடு பராமரிப்பு. நபார்டு 1992-இல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியதையும் படித்திருப்பாய். இவற்றை எல்லோரும் ஒப்பிப்பார்கள். நீ பழைய வட்டப் படத்தையும் புதிய தூண் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 104 எப்படி 105 ஆனது என்று மூன்று நிமிடத்தில் சொல். பெயர், கணக்கு எண் எதுவும் தெரியக்கூடாது. படத்தைக் காட்டக் குழுவின் சம்மதத்தையும் கேட்டு வாங்கிக்கொள். "கடன் கொடுத்த பணம் போன பணம்தானே, அதை ஏன் இருப்புப் பக்கத்தில் போட்டாய்?" என்று வேண்டுமென்றே மடக்குவார்கள். "அது உறுப்பினர்களிடமிருந்து குழுவுக்கு வர வேண்டிய பணம், அதனால் குழுவின் சொத்து" என்று தயங்காமல் சொல். தவணைப் பலகையையும் எடுத்து வைத்து, அந்தப் பணம் வந்துகொண்டிருக்கிறதா என்பதை இது காட்டும் என்று விளக்கு.

அடுத்த கூட்டம் எந்த நாள் என்று எழுது. அதற்கு மூன்று நாள் முன்னதாகவே வங்கிப் பாஸ் புத்தகத்தில் பதிவு போட்டுவிடு. தூண்களைப் பென்சிலில் வரைந்து எனக்கு அனுப்பு, ஸ்கெட்ச் பேனாவை அதன் பிறகு எடுக்கலாம்.

அன்புடன்,
உன் ஆலோசகர்