பனியைத் திருத்தினீர்கள், ‘தொடர்புற்ற’ தப்பிவிட்டது

கேள்வி: அண்ணன் தன் கைபேசியில் எடுத்து அனுப்பிய பங்கு ஒப்பந்தத்தின் படத்தை எழுத்துணரியில் கொடுத்து எழுத்தாக மாற்றினேன். பிறகு அதை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தேன். ஓரிடத்தில் மட்டும் ‘பணி’ என்பது ‘பனி’ என்று வந்திருந்தது, திருத்திவிட்டேன். பிழைதிருத்தியில் வேறு எதுவும் சிவப்பாகத் தெரியவில்லை. ஆங்கிலமும் தெளிவாகவே இருக்கிறது. இனி இதை மற்ற பங்குதாரர்களுக்கு அனுப்பலாமா?

பதில்: இப்போது அனுப்ப வேண்டாம். உங்கள் கடிதத்துடன் வந்த படத்தில் மூன்றாவது பத்தியின் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் உருப்பெருக்கிப் பார்த்தேன். அதில் என் கண்ணில் பட்டதை அப்படியே தருகிறேன்.

படத்தில் உள்ளது: “இந்தக் கடனுடன் தொடர்பற்ற பங்குதாரர்கள், நிதி ஆலோசகரின் ஒப்புதல் பெற்று, 30 நாள் கெடுவுக்குள் பணியிலிருந்து விலகலாம்.”

எழுத்துணரி தந்தது: “இந்தக் கடனுடன் தொடர்புற்ற பங்குதாரர்கள், நீதி ஆலோசகரின் ஒப்புதல் பெற்று, 80 நாள் கெடுவுக்குள் பனியிலிருந்து விலகலாம்.”

நான்கு பிழைகள் இருக்கின்றன. நீங்கள் பிடித்தது நான்காவதை மட்டும், அதுவும் பனியிலிருந்து யாரும் விலக முடியாது என்பதால். மற்ற மூன்றும் வாக்கியத்தில் பொருந்தி உட்கார்ந்துவிட்டன. கடனுடன் தொடர்பு இல்லாதவர் விலகலாம் என்பது ஒப்பந்தம். தொடர்பு உள்ளவர் விலகலாம் என்று உங்கள் ஆங்கிலம் சொல்கிறது. ‘அற்ற’ என்பதற்கும் ‘உற்ற’ என்பதற்கும் இடையே இங்கே இருப்பது ‘ப’வின் வலக்காலுக்குக் கீழே இறங்கும் ஒரு கோடுதான். படத்தில் அந்த இடத்தில் யாரோ பேனாவால் சரிக்குறி போட்டிருக்கிறார்கள். அந்தக் குறியின் கால் ‘ப’வைத் தொட்டதும் எழுத்துணரி அதைப் ‘பு’ என்று எடுத்துக்கொண்டது.

‘நிதி’ ‘நீதி’யானதற்குக் காரணம் காகிதத்தின் மடிப்பு. மேல்விலங்கின் முனை சரியாக மடிப்பு நிழலில் விழுகிறது, நிழல் அங்கே ஒரு சுழியை உண்டாக்கிவிட்டது. ‘3’இன் இடப்பக்க வாய்கள் மை பரவி அடைபட்டதால் அது ‘8’ ஆனது. மூன்று சுழி ‘ண’வில் ஒரு சுழி கரைந்துபோனதால் இரண்டு சுழி ‘ன’ ஆனது.

பிழைதிருத்தி ஏன் சும்மா இருந்தது என்பது இப்போது விளங்கும். அது ஒரு சொல் அகராதியில் உண்டா என்று மட்டுமே பார்க்கிறது. நீதி, தொடர்புற்ற, பனி ஆகிய மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்கள். எழுத்துணரியும் தன் பங்குக்கு இதை மோசமாக்குகிறது. ஒரு வடிவம் தெளிவாக இல்லாதபோது, தான் அறிந்த சொற்களில் எது பொருந்தும் என்று பார்த்து அதன் பக்கம் சாய்கிறது. அதனால் பாதிப் பிழைகள் உருப்படாத எழுத்துக்கூட்டமாக வெளிவராமல், உருப்படியான வேறு சொற்களாக வெளிவருகின்றன. “தொடாபறற” என்று குளறிக் கொட்டியிருந்தால் நீங்கள் உடனே நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள்.

மொழிபெயர்ப்பு இயந்திரம் அடுத்த திரையைப் போடுகிறது. கிடைத்ததைக் கொண்டு சீரான வாக்கியம் அமைப்பதே அதன் வேலை. மூலத்தில் இருந்த தடுமாற்றத்தை ஆங்கிலத்தில் அது காட்டாது. ஆங்கிலத்தை மீண்டும் தமிழுக்குத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தெரியாது. பிழை மொழிபெயர்ப்புக்கு முன்பே நடந்துவிட்டது, ஆகவே திருப்பினால் ‘தொடர்புற்ற’ என்பதுதான் ஒழுங்காகத் திரும்பி வரும். ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தது படம் ஒன்றே.

முதலில் படத்தையே மாற்றுங்கள். உங்களுக்கு வந்திருப்பது செய்திச் செயலி சுருக்கி அனுப்பிய படம். மனித முகத்துக்கு அந்தச் சுருக்கம் போதும். புள்ளிக்கும் சுழிக்கும் போதாது, முதலில் கரைவது அவைதாம். அண்ணனிடம் அதே படத்தைப் புகைப்படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் காகிதத்தைச் சமதளத்தில் விரித்து, மடிப்பின் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, ஒளி பிரதிபலிக்காத கோணத்தில் நேர்மேலிருந்து மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். வருடியில் எடுப்பதானால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். சரிக்குறி தொட்ட இடத்தை எந்தப் படமும் சரிசெய்யாது. அதைக் கண்தான் தீர்க்க வேண்டும்.

வருடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் க்ரீசல் என்ற கணினியியலாளர், சில ஜெராக்ஸ் வருடிகள் ஒரு கட்டட வரைபடத்தில் எண்களையே மாற்றிவிட்டதைக் கண்டுபிடித்தார். 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறையின் பரப்பு, நகலில் 14.13 என்று வந்தது. அங்கே எழுத்துணரி வேலை செய்யவே இல்லை. கோப்பின் அளவைக் குறைக்க JBIG2 என்ற முறை, ஒன்றுபோல் தெரியும் சிறு வடிவங்களை ஒரே வடிவமாகச் சேமித்தது. வெளிவந்த எண்கள் மங்கவில்லை, கூர்மையாகவே இருந்தன. எனவே நகலின் நகலை வைத்துச் சரிபார்ப்பதைவிட, அண்ணனிடம் உள்ள மூலக் காகிதத்தின் புதிய படத்தை வைத்துச் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

அடுத்தது சரிபார்க்கும் முறை. ஒருவர் படத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, மற்றவர் எழுத்தாக்கிய பிரதியைப் பின்தொடர்வது அச்சகங்களில் நெடுங்காலமாக இருந்த வழக்கம். அது இங்கும் நன்றாக உதவும், ஆனால் தமிழில் ஓர் ஓட்டை உண்டு. நிதி, நீதி இரண்டும் காதுக்கு வேறு வேறு. கெடு, கேடு என்பதும் அப்படியே. பணி, பனி என்பவை பெரும்பாலோர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. மனம், மணம் என்பவையும் அப்படித்தான். எனவே குறிலும் நெடிலும் காதில் பிடிபடும், ன–ண மற்றும் ல–ள பிடிபடாது. வாசிப்பவர் அந்த எழுத்துகள் வரும்போது “மூன்று சுழி” என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். முதல் பக்கத்தில் சலிப்பாக இருக்கும், இரண்டாம் பக்கத்தில் பழகிவிடும்.

துணைக்கு ஆள் இல்லையென்றால், ஆவணத்தின் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கி முதல் வாக்கியம் வரை பின்னோக்கிப் படத்துடன் ஒப்பிடுங்கள். முன்னோக்கி வாசிக்கும்போது மனம் அடுத்த சொல்லை முன்கூட்டியே ஊகித்துவிடுகிறது. அந்த ஊகம்தான் ‘தொடர்புற்ற’ என்பதைக் கடக்கவிட்டது.

முழுவதற்கும் நேரம் இல்லை என்றால் எதிர்மறையில் தொடங்குங்கள். தமிழில் எதிர்மறை பெரும்பாலும் தனிச் சொல்லாக நிற்பதில்லை, சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். ‘அற்ற’, ‘இன்றி’, ‘செலுத்தாத’, ‘செலுத்தாமல்’, ‘கூடாது’ என்று வரும் ஒவ்வோர் இடத்தையும் படத்தில் தேடிப் பாருங்கள். ‘செலுத்தாத’ என்பதில் ஒரு கால் விழுந்தால் ‘செலுத்தத’ என்று பொருளற்ற சொல் கிடைக்கும். மொழிபெயர்ப்பு இயந்திரம் அதைச் ‘செலுத்திய’ என்று ஊகித்து எழுதவும் வாய்ப்புண்டு. வாக்கியத்தின் கடைசியில் தனியாக வரும் ‘இல்லை’ பக்கத்தின் கீழ் விளிம்பில் வெட்டுப்பட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். பத்தியின் கடைசி வரி படத்தில் முழுதாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பிறகு எண்கள். ‘30’ என்பது ‘80’ ஆனால் எந்த அகராதியும் தடுக்காது, சூழலும் காட்டிக்கொடுக்காது. உங்கள் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பத்தியில் “முப்பது நாள்” என்று எழுத்திலும் இருக்கிறது. அப்படி எழுத்தில் உள்ள இடங்களை எண்ணுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லாத எண்களை உருப்பெருக்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கண்ணுக்கே தெரியாத ஒரு பிழையும் உங்கள் பிரதியில் இருக்கிறது. ‘பங்குதாரர்கள்’ என்பதில் வரும் ‘ர்’ ஓர் இடத்தில் ‘ா்’ என்று, அதாவது கால் குறியும் புள்ளியுமாகப் பதிவாகியிருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் தேடினால் அகப்படாது, இயந்திரமும் அதை வேறு சொல்லாகவே பார்க்கும். கால் குறிக்குப் பின் புள்ளி வருவது தமிழில் எங்கும் இல்லை என்பதால், ‘ா்’ அனைத்தையும் ‘ர்’ என்று ஒரே தடவையில் மாற்றிவிடலாம். நான் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்லும் ஒரே மாற்றம் இதுதான்.

உங்களிடம் டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் இருந்தால், ஒவ்வொரு சொல்லையும் அது எவ்வளவு உறுதியாகப் படித்தது என்பதைக் கேட்டு வாங்கலாம்:

```
tesseract page.png out -l tam --psm 6 tsv
```

கிடைக்கும் out.tsv கோப்பில் conf என்ற நிரலில் 0 முதல் 100 வரை எண் இருக்கும், சொல் இல்லாத வரிகளில் -1 என்று வரும். எண் குறைவான சொற்களை முதலில் பாருங்கள். உயர்ந்த எண் உண்மைக்கு உறுதி அன்று. ‘நீதி’ போன்ற தெரிந்த சொல்லைத் தவறாகப் படித்துவிட்டு, அதைப் பற்றி மென்பொருள் மிகுந்த நம்பிக்கையோடு இருக்கலாம். எங்கே தொடங்குவது என்று மட்டும் இந்தப் பட்டியல் சொல்லும், எங்கே நிறுத்துவது என்று சொல்லாது.

1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சிட்ட இணைப்புகள் ஏதும் ஒப்பந்தத்துடன் இருந்தால், அவற்றை இயந்திரத்திடம் விடாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். துதிக்கைபோல் மேலெழும் பழைய ‘லை’, ‘னை’ வடிவங்களையும் பழைய ‘றா’, ‘னா’ வடிவங்களையும் புதிய அச்சில் மட்டும் பழகிய எழுத்துணரி எப்படியெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

சரிபார்த்தபின் தீராத இடம் மிஞ்சினால், அங்கே ஊகித்து ஒரு சொல்லை எழுதாதீர்கள். [?] என்று குறியிட்டு, அந்தத் துண்டுப் படத்தையும் பக்கத்தில் ஒட்டி மொழிபெயர்ப்பவரிடம் கொடுங்கள். ‘தொடர்பற்ற’ என்ற சொல்லைப் பொறுத்தவரை என் கண்ணுக்கு ஐயமில்லை, சரிக்குறியின் மை வேறு நிறம். ஆனாலும் அண்ணனிடம் தொலைபேசியில் அந்த ஒரு சொல்லை மூலக் காகிதத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள். யார் விலகலாம், யார் விலக முடியாது என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.