ட்ரீ பாடத்துக்கு 14 நாட்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இறுதியாண்டு மாணவி. இன்னும் இரண்டு வாரத்தில் பிளேஸ்மென்ட் தொடங்குகிறது. புராஜெக்ட் வேலையும் இருப்பதால் நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும். அர்ரே, ஸ்ட்ரிங் ஓரளவு வரும். ட்ரீ என்றால் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். வீடியோவில் பார்க்கும்போது புரிகிறது, நானாக எழுத வரவில்லை. சீனியர் கொடுத்த பட்டியலில் 60 கணக்குகள் இருக்கின்றன. ஏவிஎல், ரெட்-பிளாக், செக்மென்ட் ட்ரீ எல்லாம் அதில் உண்டு. எதைப் படிப்பது, எதை விடுவது? நாள்வாரியாகச் சொல்ல முடியுமா? பைத்தானில் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கையில் இருப்பது மொத்தம் 21 மணி நேரம். ஒரு கணக்கை யோசித்து, எழுதி, பிழை கண்டு, இரண்டு நாள் கழித்துப் பார்க்காமல் திரும்ப எழுத ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். ஆகவே ஏறக்குறைய 15 கணக்குகள் போதும், 60 வேண்டாம். ரெட்-பிளாக் ட்ரீயின் இன்செர்ட், டெலிட் நிரலையும் செக்மென்ட் ட்ரீயையும் பட்டியலிலிருந்து இன்றே அடித்துவிடுங்கள். ஏவிஎல் சுழற்சிகள் நான்கையும் பத்தாம் நாள் அரை மணி நேரம் தாளில் வரைந்து பாருங்கள். எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்தால் அது போதும், நிரல் எழுத வேண்டாம்.

முதல் இரண்டு நாள் கணினியைத் திறக்காதீர்கள். ஏழு நோடு உள்ள ஒரு மரத்தை வரைந்து ப்ரீஆர்டர், இன்ஆர்டர், போஸ்ட்ஆர்டர் மூன்றையும் கையால் எழுதுங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த மரத்துக்கு அதையே செய்யுங்கள். இரண்டாம் நாள், ரிகர்ஷன் இல்லாமல் ஸ்டாக் வைத்து இன்ஆர்டர் எழுதுங்கள். ஒவ்வொரு அடியிலும் ஸ்டாக்கில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்காமல் சொல்ல முடிந்தால் அந்த நாள் வேலை முடிந்தது.

மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் இந்த அட்டவணையின் உயிர். வெறும் தாள் முன்னால் நீங்கள் திகைப்பதற்குக் காரணம், முழு மரத்தையும் ஒரே பார்வையில் தீர்க்க முயல்வது என்று நினைக்கிறேன். ஒரே ஒரு நோடில் நின்றுகொண்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள். என் பெற்றோருக்கு நான் என்ன திருப்பித் தர வேண்டும்? விடைக்காக இந்த இடத்தில் எதைக் குறித்துவைக்க வேண்டும்? எளிய கணக்குகளில் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். மரத்தின் உயரம் அப்படிப்பட்டது, அதனால்தான் அது எல்லோருக்கும் வருகிறது. இரண்டும் வேறு வேறாகும்போதுதான் கை நின்றுவிடுகிறது.

டயாமீட்டர் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏதேனும் இரண்டு நோடுகளுக்கு இடையிலான மிக நீண்ட பாதையில் எத்தனை இணைப்புகள்? ரூட் 1. அதற்கு இடது பிள்ளை மட்டும், அது 2. இரண்டுக்கு இடப்பக்கம் 3, அதன் கீழே 4. வலப்பக்கம் 5, அதன் கீழே 6. இதை வரைந்துகொண்டு கீழிருந்து மேலே வாருங்கள். 4 தன் உயரமாக 1 தருகிறது, 3 தருவது 2. மறுபக்கம் 6 தருவது 1, 5 தருவது 2. இப்போது நீங்கள் 2 என்ற நோடில் நிற்கிறீர்கள். இடமிருந்து 2, வலமிருந்து 2 வந்திருக்கிறது. இந்த நோடு வழியாகப் போகும் பாதையின் நீளம் 4, அதைக் குறித்துவைக்க வேண்டும். ஆனால் பெற்றோருக்கு அந்த 4-ஐத் தரக் கூடாது. ஒரு பாதை மேலே போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கிளையோடுதான் போக முடியும். எனவே திருப்பித் தருவது 3. ரூட்டில் இடது 3, வலது 0, அங்கே கூட்டினால் 3தான். விடை 4, அது ரூட் வழியாகவே போகவில்லை.

```python
def diameter(root):
    best = 0
    def height(node):
        nonlocal best
        if node is None:
            return 0
        l = height(node.left)
        r = height(node.right)
        best = max(best, l + r)    # குறிப்பது
        return 1 + max(l, r)       # தருவது
    height(root)
    return best
```

நேர்முகத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கணக்கில் மூன்று பிழைகளைத்தான் திரும்பத் திரும்பக் கண்டேன். ரூட்டில் மட்டும் கூட்டிவிட்டு நிறுத்துவது ஒன்று, மேலேயுள்ள மரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். `l + r` என்பதையே திருப்பித் தருவது இன்னொன்று. மூன்றாவது, விடை சரியாக வந்தும் ஒவ்வொரு நோடிலும் உயரத்தைப் புதிதாகக் கணக்கிடுவது. சாய்ந்த மரத்தில் அது `O(n²)` ஆகிவிடும்.

மூன்றாம் நாள் உயரமும், மரம் சமநிலையில் இருக்கிறதா என்ற கணக்கும். இரண்டாவதில் சமநிலை குலைந்தால் உயரத்துக்குப் பதில் -1 தந்துவிடுவது வழக்கமான உத்தி. நான்காம் நாள் முழுக்க டயாமீட்டருக்கு. ஐந்தாம் நாள் பாதைகளின் அதிகபட்சக் கூட்டல். எலும்புக்கூடு அதேதான், ஒரு மாற்றம் மட்டும்: கிளை தரும் கூட்டல் எதிர்ம எண்ணாக இருந்தால் அதை 0 என்று எடுத்து உதறிவிடலாம். அதற்காக `best`-ஐ 0-இல் தொடங்கிவிடாதீர்கள். ஒரே நோடு, அதன் மதிப்பு -3 என்றால் விடை -3 வர வேண்டும், உங்கள் நிரல் 0 என்று சொல்லும். `float('-inf')`-இல் தொடங்குங்கள். ஆறாம் நாள் இரண்டு நோடுகளின் மிகக் கீழான பொது மூதாதை. தேடும் நோடே கையில் கிடைத்தால் அதைத் தா, இருபுறமிருந்தும் ஏதோ வந்தால் என்னையே தா, ஒரு புறம் மட்டும் வந்தால் அதைத் தா. இரண்டு நோடுகளும் மரத்தில் இருப்பது உறுதி என்றால்தான் இந்த வழி சரி.

ஏழாம் நாள் புதிதாக ஒன்றும் வேண்டாம். இந்த ஐந்தையும் தாளில், பழைய நிரலைப் பார்க்காமல் எழுதுங்கள். எது வரவில்லையோ, பெரும்பாலும் "தருவது எது, குறிப்பது எது" என்பதில்தான் சிக்கியிருக்கும்.

எட்டாம் நாள் பைனரி சர்ச் ட்ரீ தொடங்குகிறது. இங்கே தகவல் ஓடும் திசை மாறுகிறது. இதுவரை கீழிருந்து மேலே வந்தது, இனி மேலிருந்து கீழே போகும். ஒரு மரம் உண்மையிலேயே பைனரி சர்ச் ட்ரீதானா என்று சோதிக்கும் கணக்கில் நானே ஒரு நேர்முகத்தில் விழுந்திருக்கிறேன். இடது பிள்ளை சிறியது, வலது பிள்ளை பெரியது என்று ஒவ்வொரு நோடிலும் பார்த்துவிட்டு, முடித்துவிட்டேன் என்று பேனாவை மூடினேன். எதிரே இருந்தவர் பேசாமல் ஒரு படம் வரைந்தார்: ரூட் 10, இடது 5, வலது 15, அந்த 15-க்கு இடது பிள்ளை 6. அருகருகே பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. ஆனால் 10-இன் வலப்பக்கத்தில் 6 இருக்கவே கூடாது. 6-க்கு அதன் பாட்டனாரின் எல்லை தெரியாததுதான் கோளாறு. எனவே எல்லைகளைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

```python
def valid(node, low, high):
    if node is None:
        return True
    if not (low < node.val < high):
        return False
    return (valid(node.left, low, node.val) and
            valid(node.right, node.val, high))
```

தொடக்க எல்லைகள் `float('-inf')`, `float('inf')`. அந்த மரத்தில் 6-ஐ அடையும்போது `low` 10, `high` 15. உடனே பிடிபட்டுவிடும்.

ஒன்பதாம் நாள், k-ஆவது சிறிய எண். இன்ஆர்டரில் போனால் எண்கள் ஏறுவரிசையில் வரும் என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் எழுதிய ஸ்டாக் நிரலில் k எண்ணி நின்றுவிடலாம். பத்தாம் நாள் டெலிட். இரண்டு பிள்ளைகள் உள்ள நோடை நீக்கும்போதுதான் சங்கடம். வலது கிளையின் இடதுகோடியில் இருக்கும் எண்ணை மேலே எழுதிக்கொண்டு, கீழே அந்த நோடை நீக்குங்கள். இடதுகோடியில் இருப்பதால் அதற்கு இடது பிள்ளை இருக்காது, எனவே இரண்டாவது நீக்கம் எளிது. மீதி நேரத்தில் முன்பு சொன்ன ஏவிஎல் படங்கள்.

பதினொன்றாம் நாள் மட்டவாரியாகப் போவது, கியூ வைத்து. ஒரு மட்டம் தொடங்கும்போது கியூவின் நீளத்தை ஒரு மாறியில் எடுத்துவைத்துக்கொண்டு, அத்தனை முறை மட்டும் வெளியே எடுங்கள். கியூ காலியாகும்வரை என்று உள்சுழலை எழுதினால் பிள்ளைகளும் அதே மட்டத்தில் கலந்துவிடும். விடை ஒரே நீண்ட பட்டியலாக வந்தால் இதுதான் காரணம். வலமிருந்து தெரியும் நோடுகள் என்ற கணக்கு இதன் தம்பி: ஒவ்வொரு மட்டத்திலும் கடைசி நோடைக் குறித்தால் போதும். பைத்தானில் `collections.deque` பயன்படுத்துங்கள், பட்டியலில் `pop(0)` வேண்டாம்.

பன்னிரண்டாம் நாள் ஹீப். அர்ரேயில் i-ஆவது இடத்தின் பிள்ளைகள் `2*i+1`, `2*i+2` என்பதும், மிகப் பெரிய k எண்களைக் கண்டுபிடிக்க k அளவுள்ள மின்-ஹீப் வைப்பதும் போதும். மிகப் பெரியவற்றுக்கு மின்-ஹீப் ஏன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்: வெளியே தள்ளப்பட வேண்டிய ஆள், உள்ளே இருப்பவர்களில் மிகச் சிறியவர். பதிமூன்றாம் நாள் ப்ரீஆர்டர், இன்ஆர்டர் பட்டியல்களிலிருந்து மரத்தைத் திரும்பக் கட்டுவது. டிரை இந்த அட்டவணையில் இல்லை. நேரம் மிஞ்சினால் இன்செர்ட், சர்ச் இரண்டு மட்டும்.

இவற்றோடு ஒரு நிபந்தனை. மூன்றாம் நாள் முதல், ஒவ்வொரு நாளின் முதல் 20 நிமிடமும் இரண்டு நாள் முன்பு செய்த கணக்கைப் பார்க்காமல் எழுதுவதற்கு. அதைத் தவிர்த்தால் ட்ரீ மறுபடியும் வீடியோவில் மட்டும் புரிகிற பாடமாகிவிடும்.

பதினான்காம் நாள் வாயால் சொல்லிப் பாருங்கள். நேரம் `O(n)` என்பதோடு நிறுத்தாமல், ரிகர்ஷன் பிடிக்கும் இடம் `O(h)` என்றும், சாய்ந்த மரத்தில் அந்த h என்பது n ஆகிவிடும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பைத்தானின் ரிகர்ஷன் எல்லை இயல்பாக 1000. சங்கிலிபோல ஆயிரம் நோடுக்கு மேல் நீண்ட மரம் கொடுத்தால் `RecursionError` வரும். "அப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், இரண்டாம் நாள் எழுதிய ஸ்டாக் நிரலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எழுதத் தொடங்குமுன் எதிரே இருப்பவரிடம் இரண்டைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: மரம் காலியாக இருக்கலாமா? பாதையின் நீளம் என்றால் நோடுகளின் எண்ணிக்கையா, இணைப்புகளின் எண்ணிக்கையா? மேலே வரைந்த அதே மரத்துக்கு ஒன்றில் விடை 5, மற்றதில் 4.