ரெண்டர் கொட்டேஷனில் என்ன எழுதுவது? கேள்வி பதில்

அக்கா, பாசிக்குடாவில கட்டப்போற ஒரு கபானா ஹோட்டலுக்கு கம்ப்யூட்டர்ல ரெண்டர் படம் செய்யணும். ஓனர் "நாலு படம் எவ்வளவு" என்று மட்டும்தான் கேட்டார். கொட்டேஷனில் என்னத்த எழுதுறது? (காத்தான்குடி)

விலையைக் கடைசியில் வையுங்கள் தம்பி. முதலில் அந்த நாலு படமும் எவை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கடல் பக்கமிருந்து மாலை நேரம், கண் மட்டத்தில் ஒன்று. ரிசப்ஷன் உட்புறம், பகல். ஒரு கபானாவின் அறை, பகல். மேலிருந்து முழுக் காணியும் தெரிய ஒன்று. இந்தக் கடைசிப் படம்தான் ஆளைக் கொல்லும். மற்ற மூன்றிலும் கேமராவுக்குத் தெரியாத பக்கத்தைச் செய்யத் தேவையில்லை. இதில் எல்லாக் கூரையும், தென்னைகளும், கடற்கரையும், பக்கத்துக் காணியும் வரும். ஆகவே நாலுக்கும் ஒரே விலை போடாதீர்கள். அதோடு, "இதே படத்தை இரவிலும் தாங்க" என்று பிறகு கேட்பார். வெளிச்சம் முழுவதையும் புதிதாக அமைக்க வேண்டும் என்பதால் அது ஐந்தாவது வியூ.

அடுத்தது திருத்தம். நிறமும் மெட்டீரியலும் போடாமல் சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய படம் முதலில் அனுப்புங்கள். கேமரா கோணமும் கட்டடத்தின் உருவமும் சரி என்று அவர் எழுத்தில் சொன்ன பிறகுதான் நிறத்துக்குப் போக வேண்டும். நிறம் போட்ட படத்துக்கு இரண்டு திருத்தச் சுற்று. ஒரு சுற்று என்றால் ஒரே ஆள், ஒரே பட்டியலாக, ஒரே தடவையில் அனுப்புவது. ஓனர் காலையில் வொய்ஸ் அனுப்பி, கட்டாரில் இருக்கிற மகன் இரவில் இன்னொன்று அனுப்பி, ஆர்க்கிடெக்ட் மறுநாள் அந்த இரண்டையும் மறுத்தால் உங்கள் இரண்டு சுற்றும் அதிலேயே போய்விடும்.

எது திருத்தம் என்பதையும் எழுதுங்கள். சுவர் நிறம், மெத்தை உறை, மரம் நிற்கிற இடம், லைட்டின் அளவு எல்லாம் திருத்தம். கிடுகுக் கூரையை ஓடாக மாற்றுவது, ஜன்னல் கூட்டுவது, சரி சொன்ன கேமராவை நகர்த்துவது எல்லாம் புது வேலை.

இவ்வளவையும் கொட்டேஷனில் சில வரியில் அடக்கலாம்:

> வியூ 4: கடல் பக்கம் (மாலை), ரிசப்ஷன் (பகல்), கபானா அறை (பகல்), மேலிருந்து முழுக் காணி (பகல்).
> நீங்கள் தருவது: இறுதி பிளான், எலிவேஷன், மெட்டீரியல் விபரம். வேலை தொடங்கிய பின் பிளான் மாறினால் தனிக் கட்டணம்.
> சாம்பல் படத்துக்கு எழுத்தில் சம்மதம். அதன் பின் 2 திருத்தச் சுற்று. மூன்றாவது சுற்றுக்கு, வியூ ஒன்றுக்கு தனிக் கட்டணம் ரூபா ____.
> இறுதிப் படம்: 3840 × 2160 பிக்சல், JPG.
> பாவனை: ஹோட்டலின் சொந்த இணையத்தளம், சமூக ஊடகம், கையேடு. வேறு ஆட்கள் பாவிக்கவும் பெரிய பேனருக்கும் தனியாகப் பேச வேண்டும்.
> முற்பணம் 50%. மீதி கிடைத்த பின் முழு அளவுப் படம்.

ஒரு வியூவுக்கு எவ்வளவு எடுக்கலாம்? (செங்கலடி)

பிளானைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

4K என்று போட்டால் போதும்தானே? பிரிண்டுக்கும் சரிவரும்தானே? (ஏறாவூர்)

"4K" என்று மட்டும் எழுதாமல் பிக்சல் எண்ணை எழுதுங்கள். 3840 × 2160 திரைக்குத் தாராளம். ஆனால் A3 கையேட்டில் முழுப் பக்கத்துக்கு 300 dpi, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால் 4961 × 3508 பிக்சல் தேவை. 4K படத்தை அந்தப் பக்கம் முழுக்க நிரப்பினால் அங்குலத்துக்கு சுமார் 185 பிக்சல்தான் கிடைக்கும். அதைவிட மோசம், திரை அகலமான வடிவம், A3 அப்படியில்லை. இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த தென்னை காணாமல் போகும். ஆகவே எதில் அச்சடிப்பது என்பதை கேமராவுக்குச் சம்மதம் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

பேனர் என்றால் பயப்படத் தேவையில்லை. தூரத்திலிருந்து பார்ப்பதால் 20 × 10 அடிக்கு 30 dpi அளவே பல இடங்களில் போதும். அது 7200 × 3600. ஆனாலும் நீளமும் அகலமும் இரண்டு மடங்கானால் பிக்சல் நாலு மடங்கு, ரெண்டர் நேரமும் கிட்டத்தட்ட அப்படியே கூடும். அந்த இரவு உங்கள் மெஷின் வேறு வேலை செய்யாது. அதற்கும் கட்டணம் உண்டு.

சுவர் ரெண்டரிங் சதுர அடிக்கு என்ன ரேட் போகுது? (களுவாஞ்சிகுடி)

அது பூச்சு வேலை அண்ணா. மேசன் பாஸைக் கேளுங்கள்.

நான் "கிளையண்ட் திருப்தியாகும் வரை திருத்தம்" என்று எழுதிட்டேன். பிரச்சினை வருமா? (சாய்ந்தமருது)

வரும். கையெழுத்தாகவில்லை என்றால் இன்றைக்கே எத்தனை திருத்தச் சுற்று என்று எண் போட்டு மாற்றி அனுப்புங்கள்.

அக்கா, வீட்டுக்காரருக்குச் செய்த படத்தை கொந்தராத்துக்காரர் தன்ட பேஸ்புக்ல, தான் கட்டின வீடு மாதிரிப் போட்டிருக்கார். கேக்கலாமா? (கல்முனை)

கேட்கலாம். படத்தை யார், எங்கே பாவிக்கலாம் என்று உங்கள் கொட்டேஷனில் ஒரு வரி இருந்ததா?

*அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் குறுக்கே:* காசு குடுத்து வாங்கின படம், எங்கேயும் போடலாம். நம்மட பக்கம் யாரு உரிமை பாக்குறா?

பாதி சரி நானா. காசு கொடுத்தது வீட்டுக்காரர், அவர் தன் வீட்டுத் தேவைக்குப் போடுவதை நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன். கொந்தராத்துக்காரர் கொடுத்தாரா? இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி படைப்பின் உரிமை முதலில் படைத்தவருக்கு. சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு விதி வேறு. உரிமையைக் கைமாற்றுவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். பில்லைக் கட்டினதால் மட்டும் அது மாறிவிடாது.

*அக்கரைப்பற்று:* சின்ன வீட்டு வேலைக்கு இதையெல்லாம் எழுதினா ஆள் ஓடிருவான்.

ஒரு வரிதானே நானா, ஓடுகிறவர் விலையைப் பார்த்தே ஓடியிருப்பார்.

*மட்டக்களப்பிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட்:* டிசைன் என்னுடையது. ரெண்டர் செய்தவர் என்னைக் கேட்காமல் தன் போர்ட்ஃபோலியோவில் போடுகிறாரே, அது மட்டும் நியாயமா?

நியாயமில்லை சேர். படம் எங்களுடையது, அதற்குள் இருக்கிற டிசைன் உங்களுடையது. என் கொட்டேஷனில் "ஆர்க்கிடெக்டின் பெயரோடு போர்ட்ஃபோலியோவில் போட அனுமதி" என்று கேட்டு எழுதுவேன்.

*ஆர்க்கிடெக்ட்:* பெயர் போட்டாலும் நான் மறுத்தால்?

மறுத்தால் போட மாட்டேன். ஆனால் ஓனர் சரி, நீங்கள் மறுப்பு என்றால் யார் சொல் செல்லும் என்பதில் நாம் இரண்டு பேரும் ஒத்துவர மாட்டோம் போல.

கல்முனைத் தங்கச்சி, நீங்கள் வீட்டுக்காரர் மூலமாகவே பேசுங்கள். "இது ரெண்டர் படம், கட்டி முடித்த வீடு அல்ல" என்று எழுதவும், உங்கள் பெயர் போடவும் சொல்லுங்கள். மறுத்தால் எடுக்கச் சொல்லுங்கள். இனிமேல் மீதிக் காசு வரும் வரை 1280 பிக்சல் அகலத்துக்கு மேலோ, வாட்டர்மார்க் இல்லாமலோ யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஒரு படத்துக்கு ரேட் சொல்லுங்கக்கா. (வாழைச்சேனை)

செங்கலடிக்குச் சொன்னதுதான்.

கிளையண்ட் படம் செய்த 3ds மேக்ஸ் ஃபைலும் வேணும் என்றார். குடுக்கலாமா? (ஆரையம்பதி)

கொட்டேஷனில் JPG என்று இருந்தால் JPG மட்டும்தான். காசுக்கு வாங்கிய கதிரை, மேசை மாடல்கள் ஃபைலுக்குள் இருக்கும். அவற்றை இன்னொருவருக்குக் கொடுக்கப் பெரும்பாலும் லைசென்ஸ் விடாது. அவருக்கு உண்மையில் வேண்டியது அடுத்த வருடம் இன்னொரு கோணமாக இருக்கலாம். அதற்கு விலை சொல்லுங்கள்.

முதல் திருத்தத்துக்கு அனுப்பி மூணு கிழமையாச்சு, பதிலே இல்லை. அடுத்த வேலையைத் தொடங்கலாமா? (பொத்துவில்)

தொடங்குங்கள். "இப்போது வேறு வேலைக்குப் போகிறேன், உங்கள் பட்டியல் வந்தால் அதன் பிறகு வரிசையில் எடுப்பேன்" என்று ஒரு மெசேஜ் மட்டும் போட்டுவிடுங்கள். அடுத்த கொட்டேஷனில் கருத்துச் சொல்ல 7 நாள், தாண்டினால் முடியும் திகதியும் தள்ளிப்போகும் என்று சேருங்கள். 30 நாள் தாண்டினால் அதுவரை செய்ததற்குப் பில் போடலாம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் ஓனர் வெளிநாட்டில் இருந்தால் அந்தக் காசை வாங்குவது வேறு கதை.