ஐந்தரை சென்ட் மனைக்கு மீட்டர் அளவில் வரைபடம்

“கிழக்கு, மேற்கு 60 அடி, வடக்கு 40, தெற்கு 44. பத்திரத்தில் 5.5 சென்ட். மீட்டரில் எப்படி வரைவது?”

அடியை 0.3048-ஆல் பெருக்குங்க: 18.288, 12.192, 13.411 மீட்டர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அதாவது 40.47 சதுர மீட்டர். 5.5 சென்ட் 222.6 ச.மீ.

ஆனால் சராசரி அகலம் 42-ஐ 60-ஆல் பெருக்கினால் 2520 சதுர அடி, கிட்டத்தட்ட 5.79 சென்ட். பத்திரத்தில் 2396 தான். மனை சாய்ந்திருக்கலாம், இல்லை ஏதோ ஓர் அளவு தப்பு. நான்கு பக்கம் மட்டும் தெரிந்தால் வடிவம் நிலைக்காது, கட்டில் சட்டம் ஆடுவது மாதிரி. தென்மேற்கிலிருந்து வடகிழக்கு மூலைக்கு டேப் பிடித்து மூலைவிட்டத்தை அளந்துவிடுங்க.

அப்புறம் 1:100-இல் தெற்கை 13.4 செ.மீ. கோடாகப் போடுங்க. தென்மேற்கிலிருந்து மூலைவிட்ட அளவிலும் தென்கிழக்கிலிருந்து 18.3-லும் காம்பஸ் வில் வரைந்தால், வெட்டும் இடம் வடகிழக்கு மூலை. அங்கிருந்து 12.2, தென்மேற்கிலிருந்து 18.3, நாலாவது மூலையும் கிடைத்துவிடும்.