கதிர் சாய்ந்தால் பொங்கல், பயிர் சாய்ந்தால்?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழாவில் குழந்தைகள் சேர்ந்து சொல்வதற்காக நான்கு வரி எழுதினேன்.

பழனமெங்கும் நெற்பயிர் சாய்ந்திட
கழனியிலே ஏர்பூட்டி உழவர் பாட
வாய்க்கால் நிறைந்து வயலில் நீர்பாய
பொங்கலோ பொங்கலென்று களம் நிறைந்திடுமே

வயலுக்கு அகராதியில் கிடைத்த சொற்களை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் படித்துவிட்டு, "முதல் வரியே அபசகுனமா இருக்கேம்மா" என்றார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். என்ன தவறு? "விவசாயி" என்று எழுதியிருந்ததை, தமிழ்ச்சொல் வேண்டுமென்று "உழவர்" என மாற்றினேன். அதுவாவது சரியா?

வாசகி, பெங்களூரு

அன்புள்ள அம்மா,

உங்கள் மாமனார் நெல் விளைவித்தவராகத்தான் இருக்க வேண்டும். "பயிர் சாய்ஞ்சு போச்சு" என்று டெல்டாவில் ஒருவர் சொன்னால், எதிரில் இருப்பவர் உடனே "எத்தனை மா நிலம்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார். முற்றிய பயிர் மழையிலும் காற்றிலும் தாளோடு மடிந்து தரையில் படுத்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்வது. படுத்த பயிரின் கதிர் தண்ணீரில் கிடந்தால் இரண்டு மூன்று நாளில் நெல் கதிரிலேயே முளைவிடத் தொடங்கும். 2021 பொங்கல் சமயத்தில் பெய்த மழையில் டெல்டா முழுக்க நடந்தது அதுதான். அறுப்பு மிஷினும் படுத்த பயிரைச் சரியாக வாராது. கூடுதல் நேரம் ஓட்டி கூடுதல் வாடகை கொடுத்தும் பாதி நெல் மண்ணில் கிடக்கும்.

நீங்கள் நினைத்த காட்சி வேறு. நெல் பூத்துப் பால் பிடித்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் முற்றும்போது, மணியின் கனத்தில் கதிர் மட்டும் வளைந்து தொங்கும். தாள் நேராகவே நிற்கும். அதற்குப் பெயர் "கதிர் சாய்தல்", "தலை சாய்தல்". ஆகவே நெற்பயிரை நெற்கதிர் ஆக்கிவிடுங்கள். ஓசையும் கெடாது, மாமனாரும் நிம்மதியாகப் பொங்கல் சாப்பிடுவார்.

சரி, பழனம். அகராதியில் வயல் என்று போட்டிருப்பது உண்மைதான். ஆனால் குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் "கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்" என்கிறார். மாமரம் நிற்பது கழனியின் ஓரத்தில். பழுத்து உதிரும் பழத்தைக் கவ்வுகிற வாளை மீன் இருப்பது பழனத்தில். ஒன்றரை வரிக்குள் இரண்டு சொல்லையும் வைத்திருக்கிறார், இரண்டும் ஒன்றென்று வைக்கவில்லை. மீன் வளரும் அளவுக்கு நீர் நிற்கிற தாழ்ந்த இடம் பழனம். அதனால்தான் பொய்கை என்றும் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். தை மாதத்தில் முற்றிய நெல் பழனத்தில் நின்றால் அறுப்பவர் முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். கழனியில் அந்தத் தொல்லை இல்லை. அது ஏதோ பழைய இலக்கியச் சொல் என்றும் நினைக்காதீர்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் இன்றும் அதுதான் பேச்சுச்சொல். "கயனிக்குப் போய்ட்டு வரேன்" என்பார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வயல் என்போம், புன்செய் என்றால் கொல்லை என்போம். கோயம்புத்தூர்க்காரருக்குக் கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், மானாவாரி என்றால் காடு. உங்கள் குடியிருப்பில் எல்லா ஊர்க்காரரும் இருப்பார்கள், குழந்தைகளை விட்டு அவரவர் வீட்டில் கேட்கச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டாவது வரியில் ஏர் பூட்டுகிறீர்கள். தை மாதத்தில் எங்கே ஏர்? கதிர் நிற்கிற வயலில் ஏர் இறங்காது. நல்ல நாள் பார்த்து முதல் ஏர் பூட்டுவதற்குச் சித்திரை இருக்கிறது, அதை நல்லேர், பொன்னேர் என்பார்கள். சம்பா வயலில் அடுத்து உளுந்தோ பயறோ போடுவதற்குக்கூட டெல்டாவில் உழுவதில்லை. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கிற நெல்லுக்குள் விதையைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுக்கும்போது காலடியில் உளுந்து முளைத்திருக்கும். அதற்கு மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். மிதித்தால் கால் லேசாகப் பதியும், புதையாது. இதனால் உங்கள் மூன்றாவது வரியும் விழுந்துவிடுகிறது, மன்னிக்கவும். அறுப்புக்கு முன் தண்ணீரை வடித்துவிடுவதுதான் வேலை. அப்போது வாய்க்கால் நிறைந்து வயலில் பாய்ந்தால் மடையை அடைக்க மண்வெட்டியோடு ஓடுவார்களே தவிர, யாரும் பாட மாட்டார்கள். உங்களுடைய மூன்று வரிகளும் தனித்தனியே அழகுதான், ஆனால் ஒன்று மார்கழி கடைசி, ஒன்று சித்திரை, ஒன்று ஆடி ஆவணி. "ஏர்பூட்டி" இருக்கிற இடத்தில் "அரிபோட்டு" என்று வைக்கலாம். ஒரு கைப்பிடி கதிரை அறுத்துத் தாளோடு வரிசையாகக் கிடத்துவதுதான் அரி. அரிகளைச் சேர்த்தால் கட்டு. மூன்றாவது வரியை நீங்களே எழுதுங்கள், தண்ணீரை மட்டும் வடித்துவிடுங்கள்.

உழவர் என்ற சொல்லில் தவறில்லை. ஆனால் ஊரில் உழவு என்றால் உழுகிற வேலை மட்டும்தான். "மூணு உழவு ஓட்டியாச்சு" என்பார்கள். தொழிலைச் சொல்லும்போது விவசாயம்தான். அந்த வடசொல்லுக்கும் மூலத்தில் முயற்சி, உறுதி என்றுதான் பொருள், நிலம் அதில் இல்லை. வேளாண்மை இன்னும் வேடிக்கை. விருந்தோம்பி வேளாண்மை செய்வது என்று குறள் சொல்லும்போது அதற்கு உபகாரம் என்று பொருள். பயிர்த்தொழில் பற்றிய அதிகாரத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் உழவு. மட்டக்களப்புப் பக்கத்திலோ வேளாண்மை என்பது வயலில் நிற்கிற நெல்லேதான். அறுவடையை "வேளாண்மை வெட்டு" என்கிறார்கள். ஆகவே விவசாயி என்றே நீங்கள் விட்டிருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

கடைசி வரிக்கு வருகிறேன். என் தாத்தா காலத்தில் களத்தில் நெல்லை அளக்கும்போது முதல் மரக்காலை "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்பார்கள். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு. பன்னிரண்டு மரக்கால் ஆனால் ஒரு கலம். தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். தூற்றும்போது "பொலி, பொலி" என்று சொல்லிக்கொண்டே தூற்றுவார்கள், பெருகு பெருகு என்பதுபோல. ஐங்குறுநூற்றின் முதல் பாட்டில் தலைவி வேண்டுவதும் இதே சொல்லால்தான்: "நெற்பல பொலிக, பொன்பெரிது சிறக்க". இப்போது பெல்ட் வண்டி வயலுக்குள்ளேயே அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை நேரே டிராக்டர் பெட்டியில் கொட்டிவிடுகிறது. களம் பல ஊர்களில் மாடு கட்டுகிற இடமாகிவிட்டது. அதனால் களத்தை எடுத்துவிடச் சொல்வேன் என்று பயப்பட வேண்டாம், அது இருக்கட்டும். "நிறைந்திடுமே" இருக்கிற இடத்தில் மட்டும் "பொலிந்திடுமே" என்று வைத்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.