டி.ஏ.பி. போட்ட பையில் வேம் ஏன் வேலை செய்யவில்லை?

கேள்வி: ஐயா, மொட்டை மாடியில் குரோ பேக்கில் மிளகாய், சின்ன வெங்காயம், அரைக்கீரை, முள்ளங்கி வைத்திருக்கிறேன். பாதி தென்னை நார்க்கழிவு, மீதி செம்மண்ணும் மண்புழு உரமும். வேர் உட்பூசணம் என்ற பூஞ்சை உள்ள வேம் உரம் வாங்கி எல்லாப் பைகளிலும் மேலாகத் தூவினேன். மாதம் ஒரு ஸ்பூன் டி.ஏ.பி.யும் போடுகிறேன். இரண்டு மாதம் ஆகிவிட்டது, வேம் போட்டதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இந்தப் பூஞ்சை மணிச்சத்து எடுத்துக் கொடுக்கும், பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் என்கிறார்களே, அது உண்மையில் எப்படி நடக்கிறது? நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: வணக்கம் அம்மா. நீங்கள் வாங்கிய வேம் மோசமானது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தக் கொடுக்கல் வாங்கல் வேண்டுமா வேண்டாமா என்று முதலில் தீர்மானிப்பது செடி. உங்கள் மிளகாயும் வெங்காயமும் வேண்டாம் என்று சொல்லியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படிச் சொல்ல வைத்தது டி.ஏ.பி.

முதலில் மணிச்சத்தின், அதாவது பாஸ்பரஸின், குணத்தைப் பார்ப்போம். தழைச்சத்து தண்ணீரோடு கரைந்து வேர் இருக்கும் இடத்துக்கு வந்துவிடும். மணிச்சத்து அப்படி வராது. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண் ஈரத்தில் கரைந்திருப்பது கொஞ்சம், அதுவும் மிக மெதுவாகத்தான் நகரும். முளைக்குச்சியில் கட்டிய மாடு கயிறு எட்டும் வட்டத்தை மட்டும் மேய்ந்து முடித்துவிட்டு நிற்பது போல, வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருக்கும் மணிச்சத்தை எடுத்து முடித்துவிடும். அதற்கு வெளியே இருப்பது வேருக்கு எட்டாது.

வேர் உட்பூசணம் உதவுவது இந்த இடத்தில்தான். வேருக்குள் குடியிருக்கும் அந்தப் பூஞ்சையின் இழைகள் வெளியே மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் தூரம் போகும். ஓர் இழை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தடிமன் இருக்காது. அதனால் வேர்த்தூவி நுழைய முடியாத மண் இடுக்கிலும் அது நுழையும். அங்கே எடுத்த மணிச்சத்தை நீளச் சங்கிலியாகக் கோத்து, குறுக்குச் சுவர் இல்லாத தன் குழாய் வழியே வேர் வரைக்கும் அனுப்பும்.

கைமாற்றம் நடப்பது வேரின் புறணிச் செல்லுக்குள். அங்கே இழை குட்டி மரம் மாதிரிக் கிளை கிளையாகப் பிரிகிறது. செல்லின் சவ்வு கிழியாமல் அந்தக் கிளைகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று இருக்கும். பூஞ்சை சங்கிலியை உடைத்து மணிச்சத்தை அந்த இடைவெளியில் விடும். செடி தன் பக்கத்துச் சவ்வில் இருக்கும் தனி வாயில்கள் வழியாக அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே இடைவெளி வழியாகத்தான் செடியின் சர்க்கரை பூஞ்சைக்குப் போகிறது. சர்க்கரை மட்டும் போவதில்லை, கொழுப்பும் போகிறது. 2017-இல் வந்த ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாக்கின. இந்தப் பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலத்தை அடிப்படையிலிருந்து தானே உண்டாக்கத் தெரியாது, செடி கொடுத்தால்தான் உண்டு. அதனால்தான் உயிருள்ள வேர் இல்லாமல் இது வளர்வதில்லை. வேம் உரத்தைக்கூட மக்காச்சோளம் போன்ற செடிகளின் வேரில் வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள்.

செடிக்கு இது மலிவான பேரம் இல்லை. இலை தயாரிக்கும் உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு கொடுக்க வேண்டியிருப்பதால் செடி கவனமாக இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் அந்தக் குட்டி மரம் சில நாள்தான் இருக்கும், அப்புறம் செல் அதைக் கரைத்துவிடும். வேறு செல்லில் புதிதாக ஒன்று உருவாகும். குதிரை மசாலின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியில், மணிச்சத்தை வாங்கும் வாயிலை வேலை செய்யாதபடி ஆக்கிப் பார்த்தார்கள். மணிச்சத்து கைக்கு வராத செல்லில் அந்தக் கிளைகள் முழுதாக வளர்வதற்குள் அழிந்துபோயின. 2011-இல் டோபி கியர்ஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் வெளியிட்ட சோதனை இன்னொன்றைக் காட்டியது. மணிச்சத்தைத் தாராளமாகக் கொடுத்த பூஞ்சைக்கு அதே இனச் செடி கூடுதலாகச் சர்க்கரை அனுப்பியது. பூஞ்சையும், கூடுதலாகச் சர்க்கரை கொடுத்த வேருக்குக் கூடுதலாக மணிச்சத்து கொடுத்தது. எல்லாச் செடியிலும் இவ்வளவு கறாராக நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு பக்கமும் வரவைப் பார்த்துத்தான் கொடுக்கின்றன என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு.

இப்போது உங்கள் பைக்கு வருவோம். மணிச்சத்து போதாத செடி வேரிலிருந்து ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசிய விடும். பக்கத்தில் இருக்கும் பூஞ்சை இழை அதை உணர்ந்து கிளை விட்டு வேரைத் தேடி வரும். செடிக்குள் மணிச்சத்து நிறைவாக இருந்தால் அந்தக் கசிவு வெகுவாகக் குறையும். வந்து சேரும் பூஞ்சைக்கும் உள்ளே அதிக இடம் கிடைக்காது.

உங்கள் டி.ஏ.பி.யைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம். மூட்டையில் 46 சதவீதம் என்று போட்டிருந்தாலும் அது ஆக்சைடு கணக்கு, அசல் பாஸ்பரஸ் 20 சதவீதம்தான். ஆக ஒரு ஸ்பூனில் 1 கிராம், அதாவது 1000 மில்லிகிராம். பையில் 15 கிலோ கலவை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்குச் சுமார் 67 மில்லிகிராம். நம் ஊர் மண் பரிசோதனை அட்டையில் ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் கிடைக்கும் நிலையில் மணிச்சத்து இருந்தாலே 'அதிகம்' என்று எழுதுவார்கள். அது கிலோ மண்ணுக்குச் சுமார் 10 மில்லிகிராம். நீங்கள் இரண்டு மாதத்தில் 130-க்கு மேல் சேர்த்திருக்கிறீர்கள். வயல் மண்ணாக இருந்தால் பெரும் பகுதியை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். பாதி நார்க்கழிவு உள்ள உங்கள் கலவையில் அப்படிப் பிடித்து வைக்க மண் குறைவு. கொஞ்சம் தண்ணீரோடு பைக்கு வெளியே போகும், மீதி வேருக்கு நேரே கிடைக்கும். இப்படிக் கிடைக்கும்போது உணவில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுக்கச் செடிக்கு ஒரு காரணமும் இல்லை.

சரி, அரைக்கீரையும் முள்ளங்கியும் வேறு கதை. முள்ளங்கி, கோஸ், கடுகு குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேர்வதே இல்லை எனலாம். அரைக்கீரை, தண்டுக்கீரை, பாலக், பீட்ரூட் இருக்கும் குடும்பமும் பெரும்பாலும் அப்படியே. இந்தப் பைகளில் எவ்வளவு வேம் போட்டாலும் வீண். மணத்தக்காளி, வெந்தயக்கீரை, புளிச்சக்கீரை சேரும். சின்ன வெங்காயம்தான் இதில் முதல் வரிசை. அதற்கு வேர் கொஞ்சம், தடித்த வேர், வேர்த்தூவியும் குறைவு, ஆகவே பூஞ்சையை ரொம்பவே நம்பியிருக்கும். வேம் வேலை செய்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர்களை நான் வெங்காயத்தில்தான் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

மேலாகத் தூவியதும் பலன் தந்திருக்காது. பூஞ்சையின் வித்து முளைத்து சிறிது தூரத்துக்குள் உயிருள்ள வேரைத் தொட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். வெயிலில் காயும் மேல் மண்ணில் வேர் எங்கே இருக்கிறது?

இப்போதைய வெங்காயம் அறுவடைக்கு வந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். மிளகாய்ப் பைகளில் டி.ஏ.பி.யை உடனே நிறுத்துங்கள், எலும்புத் தூளும் வேண்டாம். புதிதாக வேம் வாங்கி அதே பைகளில் போட்டுப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். இருக்கும் மணிச்சத்து குறையட்டும். தழைச்சத்து தேவைப்பட்டால் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து நன்றாக நீர்த்து ஊற்றினால் போதும், அதிலேயே கொஞ்சம் மணிச்சத்தும் வந்துவிடும்.

அடுத்த நடவுக்குச் செம்மண்ணைப் பாதியாகக் கூட்டி, நார்க்கழிவைக் குறைத்துப் புதுக் கலவை போடுங்கள். மண்புழு உரம் கால் பங்கு இருக்கலாம், டி.ஏ.பி. கிடையாது. மிளகாய்க்கு நாற்று விடும்போதே வேம் கொடுப்பது நல்லது. நாற்றங்காலில் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் என்ற அளவில், விதைக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் கீழே ஓர் அடுக்காகப் போட்டு, அதற்கு மேல் விதைக்க வேண்டும். இறங்கும் வேர் அந்த அடுக்கைக் கடந்துதான் போகும். பையில் நேராக நடுவதானால் குழிக்குள் 5 முதல் 10 கிராம் போட்டு அதன் மேல் நாற்றின் வேர் படும்படி வையுங்கள். வெங்காயத்துக்கு ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு சிட்டிகை. பாஸ்போபாக்டீரியாவும் சேர்த்துப் போடலாம். மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைப்பது அந்த பாக்டீரியாவின் வேலை. பூஞ்சை முக்கியமாக, கரைந்திருப்பதைத் தூரத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கும். வாடல் நோய்க்குப் பயந்து கார்பன்டாசிம் கரைசலை வேரில் ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது இந்தப் பூஞ்சையையும் அடக்கும்.

வெயிலும் முக்கியம். அடர்த்தியான நிழல்வலைக்குள் நாள் முழுக்க நிற்கும் செடியிடம் கொடுக்கச் சர்க்கரை இருக்காது. அந்த நிலையில் பூஞ்சை சேர்ந்தால் சின்ன நாற்று கொஞ்சம் பின்தங்கவும் செய்யும். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நேரடி வெயில் படும் இடம் கொடுங்கள்.

வேலை நடக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பையில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் படர்ந்திருப்பதைப் பார்த்து வேம் என்று சந்தோஷப்படுகிறார்கள். அது பெரும்பாலும் மக்கும் பொருளைத் தின்னும் வேறு பூஞ்சை. வேர் உட்பூசணம் தெரிய வேண்டுமானால் வேரைச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், வேளாண் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரே கலவையில் ஆறு பை வெங்காயம் போட்டு மூன்றுக்கு மட்டும் வேம் கொடுங்கள், தண்ணீரும் வெயிலும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். முதல் மாதம் வேர் பிடிக்கவே போய்விடும். 6 முதல் 8 வாரத்தில் தாள் உயரத்தைப் பாருங்கள், அறுவடையில் காயை எடை போடுங்கள். அறுத்த பிறகு அந்தப் பையின் வேர்த் துணுக்குகளைப் பொறுக்கி எறியாதீர்கள், அடுத்த பயிருக்கான பூஞ்சை அதற்குள்தான் இருக்கிறது. அந்தப் பையில் அடுத்து மிளகாயோ கத்தரியோ வையுங்கள், முள்ளங்கியை வேறு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.