சந்தம் இல்லாமல் சாமியைப் பாடுவது: கேள்வி பதில்

யாப்பில்லாத பக்திக் கவிதை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். நான் புலவர் இல்லை. திருமுறை ஓதும் குழுவில் இருபது வருடம் உட்கார்ந்தவன், வசனத்தில் கொஞ்சம் எழுதுகிறவன். காதால் கற்றதைத்தான் சொல்கிறேன்.

"பாரதியாரே யாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டார். அப்புறம் நமக்கு என்ன? மனசில் வருவதை வரி வரியாக உடைத்துப் போட்டால் வசன கவிதைதானே?"

பாதி சரி. அவருடைய வசன கவிதைகளில் யாப்பு இல்லை. ஆனால் உடைத்துப் போட்டது மட்டும்தானா என்று பாருங்கள். "காற்றும் இனிது. தீ இனிது. நீர் இனிது. நிலம் இனிது." முதலில் ஒரு 'உம்', அப்புறம் அது இல்லை. தீ, நீர் என்று நெடில் ஒன்றில் நிற்கும் சொற்கள், பிறகு இரண்டு குறிலில் நிலம். 'இனிது' காதுக்குப் புளிப்பதற்குள் அடுத்து "ஞாயிறு நன்று" என்று சொல்லை மாற்றிவிடுகிறார். எண்ணிக்கை இல்லை, அளவு இருக்கிறது. வாக்கியத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டினால் அந்த அளவு வராது.

"இது நான் எழுதியது. உணர்ச்சி இருக்கிறது, ஆனால் படித்தால் மனு மாதிரி இருக்கிறது என்கிறார் என் கணவர். எங்கே தப்பு?
*முருகா நான் உன் கோயிலுக்கு வந்துகொண்டிருக்கிறேன்*
*என் மனதில் உள்ள கவலைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்*
*நீ அருள் தர வேண்டும் என்று வேண்டுகிறேன்*
*உன் பாதத்தில் விழுந்து வணங்குகிறேன்"*

உங்கள் கணவருக்குக் காது நன்றாக இருக்கிறது. நாலு வரியும் 'கிறேன்' என்று முடிகின்றன. தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தப் பள்ளத்தில் எல்லோருமே விழுவோம். வரி முடிவில் ஒலி ஒன்றிவரும் இயைபு மாதிரி தோன்றும், ஆனால் அது இலக்கணம் தானாகக் கொடுத்த ஒலி, நீங்கள் தேடிப் பிடித்தது அல்ல. அதோடு 'கொண்டிருக்கிறேன்' எட்டு எழுத்து. அதில் சேதி எதுவும் இல்லை, மூச்சை மட்டும் தின்கிறது.

இன்னொன்று, 'முருகா' முதலிலேயே வந்து தீர்ந்துவிட்டது. விளிச்சொல்தான் இந்த வகைக் கவிதைக்குத் தாளம். முருகன் என்றால் நாக்கு மேலே ஒட்டி அடைக்கிறது, முருகா என்றால் வாய் திறந்தே நிற்கிறது. தாயே, ஐயா, கண்ணா எல்லாமே நெடிலில் முடிபவை. குரல் அங்கே நீண்டு இளைப்பாறும். அதனால் அதை வரியின் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தேன்:

*படி ஏறுகிறேன், முருகா.*
*மூச்சு வாங்குகிறது.*
*கொண்டுவந்த கவலை*
*பாதிப் படியிலேயே கனக்கிறது.*
*இன்னும் ஏறுகிறேன், முருகா.*
*சொல்ல வந்தது மறந்துவிட்டது.*
*நிற்கிறேன்.*

'கிறேன்' இதிலும் மூன்று முறை இருக்கிறது. ஆனால் முதல் இரண்டும் ஒரே சொல், வேண்டுமென்றே திரும்பி வருவது. மூன்றாவது தனியாக நிற்கிறது. இரண்டு முறை 'முருகா' கேட்ட காது மூன்றாவதாகவும் எதிர்பார்க்கும். அங்கே கொடுக்கவில்லை. 'நிற்கிறேன்' என்பதில் 'ற்கி' நாக்கை நிறுத்துகிறது, அதுவும் உதவி. அருள், பாதம், வேண்டுதல் எல்லாம் போய்விட்டதே என்று கேட்பீர்கள். படியில் மூச்சு வாங்குகிறவர் அதையெல்லாம் சொல்லாமலே சொல்லிவிட்டார் என்பது என் கணிப்பு. உங்களுக்கு 'பாதம்' வேண்டும் என்றால் வையுங்கள், ஆனால் ஒரு முறை.

"வரியை எங்கே முறிப்பது? ஏதாவது கணக்கு உண்டா?"

மூச்சுதான் கணக்கு. விளக்கு முன்னால் முணுமுணுக்கும் குரலில், சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். எனக்கு மூன்று நாலு சொல்லில் மூச்சு தானாக இறங்கும். கைப்பேசியில் பதிந்து மறுநாள் கேளுங்கள். எழுதியதில் இருக்கும் ஒரு சொல்லை நீங்களே விழுங்கியிருப்பீர்கள். அந்தச் சொல் அநேகமாக வேண்டாத சொல். எல்லா வரியும் ஒரே நீளமாக இருந்தாலும் தூக்கம் வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

"நான் நூறு வெண்பாவில் அம்மன் அந்தாதி எழுதுகிறேன். ஏழாவது வெண்பாவில் தளை தட்டுகிறது. சரி செய்து தர முடியுமா?"

ஐயா, இது தளையே இல்லாதவர்கள் கூடியிருக்கும் இடம். வெண்பா தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆனால் உங்களிடமிருந்து நாங்கள் ஒன்று கடன் வாங்கலாம். ஒரு பத்தியின் கடைசிச் சொல்லே அடுத்த பத்தியின் முதல் சொல்லாக வருவது, யாப்பில்லாமலும் மாலை மாதிரி கோக்கும்.

"நாங்கள் சர்ச்சில் வாசிக்க எழுதுகிறோம். சங்கீத புத்தகத்தில் எதுகை இல்லை, ஆனாலும் பாட்டு மாதிரி இருக்கிறதே, எப்படி?"

அங்கே ஒலிக்குப் பதில் கருத்து எதிரொலிக்கிறது. ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு உருவத்தில் திரும்பச் சொல்லும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். எபிரேயத்திலிருந்து மொழிபெயர்த்த பிறகும் அந்த ஓட்டம் தப்பிப் பிழைத்ததற்கு அதுவே காரணம். எழுதும்போது இரண்டாவது வரியில் வெறும் மாற்றுச்சொல் போடாதீர்கள். "என்னைக் காத்தீர், என்னைப் பாதுகாத்தீர்" என்பது எதிரொலி இல்லை, இழுவை. "என்னைக் காத்தீர், என் கதவில் தாழ்ப்பாள் இல்லாத இரவிலும்" என்றால் நகர்கிறது.

"நான் பாடுகிறவள். இப்படி எழுதியதை ஆதி தாளத்தில் அமைக்க முடியவில்லை. ஒரு வரி தொங்குகிறது, ஒரு வரி இடிக்கிறது."

அமைக்காதீர்கள். எட்டு அட்சரத்துக்குள் அடக்க நீட்டி நீட்டி, சொல் சிதைந்துவிடும். விருத்தம் பாடுவது போலத் தாளமில்லாமல் ராகத்தில் பாடுங்கள், நெடிலில் முடியும் இடங்களில் சங்கதி வையுங்கள். கூட்டமாகப் பாட வேண்டும் என்றால் திரும்ப வரும் அடியை மட்டும் அளவாக எழுதித் தாளத்தில் போடலாம், மற்றதை ஒருவர் விருத்தமாகச் சொல்லலாம்.

"யாப்பு இல்லாதது பக்திப் பாடலே அல்ல. ஓதுவதற்கு நிற்காது. இதை ஒப்புக்கொள்கிறீர்களா?"

பாதி ஒப்புக்கொள்கிறேன். மனப்பாடத்துக்கு யாப்புதான் பிடிமானம், வசனத்தில் எழுதியது எனக்கே மறந்துபோகிறது. ஆனால் 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணர் கன்னடத்தில் சொன்ன வசனங்களுக்குச் செய்யுள் கட்டு இல்லை. முடிவில் வரும் 'கூடலசங்கமதேவா' என்ற விளிதான் முத்திரை. அவை இன்றும் வாயில் இருக்கின்றன. நீங்கள் இதற்கு வேறு காரணம் சொல்லக்கூடும்.

"அம்மா போன பிறகு எழுதினேன். முழுக்கச் சாமியைத் திட்டுவதாகவே வருகிறது. இதைப் பக்தி என்று வைக்கலாமா?"

வையுங்கள். கண்ணை இழந்த சுந்தரர் திருவாரூரில் பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். நீர் நன்றாக இருந்துவிட்டுப் போம் என்று சிவனிடமே. அந்த அடி ஒவ்வொரு முறையும் அதே சொல்தான், முன்னால் வரும் குறைதான் மாறுகிறது. நீங்கள் அனுப்பியதில் திட்டு மாறிக்கொண்டே போகிறது, திரும்ப வந்து நிற்க ஓர் இடம் இல்லை. ஆறாவது வரியில் "அவள் புடவை இன்னும் கொடியில்" என்று ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று இடத்தில் அதையே வைத்துப் படித்துப் பாருங்கள். மூன்றாவது இடத்தில் 'இன்னும்' வேண்டுமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு விதமாகவும் பதிந்து அனுப்புங்கள், கேட்டுச் சொல்கிறேன்.